30 லட்சமும் 6 கோடி கேப்பும்: முதல் முதலீட்டாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

"30 லட்சம் போடறேன், எனக்கு எத்தனை பர்சென்ட் எழுதித் தருவே?" என்று போனில் கேட்டீர்கள். நேரான பதில், கையெழுத்துப் போடும் நாளில் ஒரு பர்சென்ட்கூடக் கிடையாது. அன்றைக்கு நீங்கள் பங்குதாரர் இல்லை, கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர். அந்தக் கடன் பிறகு எந்த விலையில் பங்காக மாறும் என்பதைத்தான் நான் அனுப்பிய தாள்கள் சொல்கின்றன. இதைச் சரியாகப் பேசிக்கொள்ளாமல் போனதால்தான் உங்களுக்கு முன்னால் ஒருவரோடு பல மாதமாக நடந்த பேச்சு கடைசி வாரத்தில் முறிந்தது. பங்கு விலைக்கு வைக்கும் உச்ச வரம்பான கேப் 6 கோடி என்றதும் "அப்போ கம்பெனி மதிப்பு 6 கோடி, என் 30 லட்சத்துக்கு 5 பர்சென்ட்" என்று அவர் மனசுக்குள் எழுதி வைத்துவிட்டார். தாளில் அப்படி இல்லை என்று தெரிந்ததும் ஏமாற்றுகிறோம் என்று நினைத்தார். வக்கீலுக்குக் கொடுத்த பணம் போனது ஒருபக்கம். மில்களுக்குப் போய் ஆர்டர் பிடிக்க வேண்டிய நேரமெல்லாம் அந்தப் பேச்சிலேயே கரைந்ததுதான் இன்னும் வலிக்கிறது. அதனால் உங்களுக்கு எல்லாவற்றையும் கணக்கோடு எழுதுகிறேன், எனக்குச் சாதகமில்லாத இடங்களையும் சேர்த்து.

ஊர்க் கணக்கில் சொன்னால், இது நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி. பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போகிறதோ அதைப் பார்த்துப் பின்னால் விலை முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் சென்ட் இவ்வளவுக்கு மேல் எனக்குப் போடக்கூடாது என்று முன்கூட்டியே ஒரு உச்ச விலை பேசிவிடுகிறோம். அந்த உச்ச விலைதான் வேல்யூவேஷன் கேப். இன்றைக்கு நிலம் அந்த விலை பெறும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் கம்பெனிக்கு இப்போது இருப்பது ஏழு வாடிக்கையாளர்களும் ஒரு சென்சார் பெட்டியும். இதற்கு மதிப்பு போட உட்கார்ந்தால் நீங்கள் 2 கோடி என்பீர்கள், நான் 8 கோடி என்பேன், இரண்டுக்கும் ஆதாரம் இருக்காது. அந்தச் சண்டையை அடுத்த பெரிய முதலீட்டாளர் வரும்வரை தள்ளி வைப்பதற்காகத்தான், பின்னால் பங்காக மாறும் இந்தக் கடன், அதாவது கன்வெர்ட்டிபிள் நோட்.

முதலில் சட்டம், ஏனென்றால் நீங்கள் சொன்ன ஏற்பாடு அதில் முட்டுகிறது. "பாதி இப்போ, பாதி தீபாவளி முடிஞ்சு" என்றீர்கள். அது முடியாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி வெளியாளிடம் கடன் வாங்கினால் பொதுவாக அது டெபாசிட் ஆகிவிடும், அதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம். 2016-இல் டெபாசிட் விதிகளில் ஒரு விலக்கு சேர்த்தார்கள். மத்திய அரசின் டிபிஐஐடி அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், ஒரு நபரிடமிருந்து 25 லட்சமோ அதற்கு மேலோ ஒரே தவணையில் கன்வெர்ட்டிபிள் நோட்டாக வாங்கினால் அது டெபாசிட் இல்லை. இதில் "ஒரு நபர்", "ஒரே தவணை" இரண்டுமே கறாரானவை. 15 லட்சமாக இரண்டு தடவை அனுப்பினால் இரண்டுமே விலக்குக்கு வெளியே போய்விடும். உங்கள் கணக்கிலிருந்து 20, அத்தை கணக்கிலிருந்து 10 என்றாலும் அதே கதிதான். முழுத் தொகை கைக்கு வரும்வரை காத்திருந்து உங்கள் ஒரே வங்கிக் கணக்கிலிருந்து ஒரே ஆர்டிஜிஎஸ்ஸாக அனுப்புங்கள். அப்பா கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை, இயக்குநரின் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் தருவதற்கு விதி வேறு. நீங்கள் எங்கள் வீட்டுக்கு மாமா, சட்டத்துக்கு வெளியாள்.

இன்னொன்று, கம்பெனி சட்டம் பிரிவு 62(3)-ன்படி, பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமையோடு கடன் வாங்குவதாக இருந்தால் அதன் நிபந்தனைகளைப் பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போட்டு முன்கூட்டியே ஏற்றிருக்க வேண்டும். பணம் வந்த பிறகு தேதியைப் பின்னால் தள்ளித் தீர்மானம் எழுதும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை நீங்கள் ஒத்துக்கொள்ளவே கூடாது. நாளைக்குப் பெரிய முதலீட்டாளரின் வக்கீல் கோப்பைப் பிரிக்கும்போது முதலில் பார்ப்பது அந்தத் தேதிகளைத்தான். எனவே வரிசை இதுதான்: போர்டு தீர்மானம், சிறப்புத் தீர்மானம், நோட் ஒப்பந்தத்தில் கையெழுத்து, அதற்குப் பிறகு பணம். தீர்மானம் போட்ட 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் MGT-14 படிவம் தாக்கல் செய்யவேண்டும். பிறகு ஒவ்வொரு வருஷமும் ஜூன் 30-க்குள் அங்கேயே தாக்கல் செய்யும் DPT-3 படிவத்தில் உங்கள் 30 லட்சத்தைக் காட்டவேண்டும். இரண்டின் ரசீதையும் உங்களுக்கு அனுப்பி வைப்பேன். நான் மறந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

இனி கணக்கு. நம் நோட்டில் நான்கு எண்கள்தான் முக்கியம். தொகை 30 லட்சம், சாதா வட்டி வருஷத்துக்கு 8 சதவீதம், கேப் 6 கோடி, டிஸ்கவுண்ட் 20 சதவீதம். கம்பெனியில் இப்போது நானும் என் பார்ட்னரும் வைத்திருப்பது 9,00,000 பங்கு. ஊழியர்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பது 1,00,000. ஆக மொத்தம் 10,00,000. கேப்பை இந்த மொத்தத்தால் வகுத்தால் ஒரு பங்குக்கு 60 ரூபாய். அதற்கு மேல் உங்களுக்கு விலை போட முடியாது என்பதுதான் கேப்பின் முழு அர்த்தம்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு முதலீட்டு ஃபண்ட் வருகிறது, 3 கோடி போடுகிறது, அதன் பணம் வருவதற்கு முன் கம்பெனியின் மதிப்பு 12 கோடி என்று ஒத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அதற்குள் உங்கள் கடன் வட்டியோடு 33.6 லட்சம் ஆகியிருக்கும். 12 கோடியை 10,00,000 பங்கால் வகுத்தால் புதியவருக்குப் பங்கு விலை 120. உங்களுக்கு இரண்டு விலை கணக்குப் போடுவோம். 120-இல் 20 சதவீதம் தள்ளினால் 96, கேப்படி 60. இரண்டில் எது குறைவோ அது உங்களுடையது. இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது, 60-இலிருந்து மேலும் 20 சதவீதம் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 33.6 லட்சத்தை 60-ஆல் வகுத்தால் 56,000 பங்கு. புதியவர் 120 கொடுத்து வாங்கும் அதே கம்பெனியில் உங்களுக்குப் பாதி விலை.

கேப் எப்போது வேலை செய்யும், டிஸ்கவுண்ட் எப்போது வேலை செய்யும் என்பதற்கு ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. 60 என்பது 75-இன் 80 சதவீதம். ஆகவே அடுத்த முதலீட்டுச் சுற்று, அதாவது ரவுண்டு, 7.5 கோடி மதிப்புக்கு மேல் நடந்தால் கேப் உங்களைக் காக்கும், அதற்குக் கீழே நடந்தால் டிஸ்கவுண்ட்தான் லாபம். உதாரணமாக 6.5 கோடிக்கு நடந்தால் புதியவருக்கு 65, உங்களுக்கு 52. மோசமாகப் போய் 4 கோடிக்கு நடந்தால் புதியவருக்கு 40, உங்களுக்கு 32, அப்போது உங்கள் 33.6 லட்சத்துக்கு 1,05,000 பங்கு. அதாவது கம்பெனி சுமாராகப் போனால் உங்களுக்குப் பங்கு கூடும், எங்களுக்குக் குறையும். 6 கோடி என்பது உங்களுக்குப் போடும் விலைக்கு மேல் வரம்பு மட்டும்தான். கீழ் வரம்பு கிடையாது. முன்னால் பேசியவர் கடைசிவரை ஏற்காத விஷயம் இதுதான், உண்மையில் அவருக்குச் சாதகமானதும் இதுதான்.

இதே காரணத்தால், கேப் அதிகம் போட்ட நோட்டில் கேப் இருப்பதும் இல்லாததும் ஒன்று. நான் 15 கோடி கேப் என்று கேட்டு நீங்கள் தலையாட்டியிருந்தால் கேப் விலை 150, ரவுண்டு விலை 120. கேப்புக்கு வேலையே இல்லை, 96-க்குத்தான் வாங்கியிருப்பீர்கள். கேப் பேசும்போது "உன் அடுத்த ரவுண்டு எவ்வளவுக்கு நடக்கும்னு நீயே எதிர்பார்க்கறே?" என்று கேளுங்கள். என் எதிர்பார்ப்பு 10 முதல் 12 கோடி. அதில் ஏறக்குறைய பாதியைக் கேப்பாகத் தருகிறேன், வெறும் கையோடு இருக்கும்போது நம்பியதற்காக.

இப்போது உங்கள் ஆடிட்டர் கட்டாயம் பார்க்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன். மேலே 12 கோடியை 10,00,000-ஆல் வகுத்தேனே, புதிய ஃபண்ட் அதை ஒத்துக்கொள்ளாது. 12 கோடியோடு தன் 3 கோடியைச் சேர்த்து 15 கோடி, அதில் தனக்கு 20 சதவீதம் வரவேண்டும் என்று கேட்கும். நம் கணக்கில் அதற்கு வருவது 2,50,000 பங்கு. மொத்தம் 13,06,000. அது 19.14 சதவீதம்தான். அதனால் நோட் மாறிய பங்குகளையும் சேர்த்து 10,56,000-ஆல் வகு என்பார்கள். அப்போது விலை சுமார் 113.64 ஆக இறங்கும், ஃபண்டுக்கு 2,64,000 பங்கு, மொத்தம் 13,20,000. உங்கள் 56,000 அப்படியே இருக்கும், சதவீதம் மட்டும் 4.29-இலிருந்து 4.24 ஆகும். எங்கள் இருவருக்கும் 68.9-இலிருந்து 68.2. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் நோட்டுகள் கூடக்கூட இது எங்கள் தலையில்தான் விழும்.

கேப்பை எந்த எண்ணிக்கையால் வகுப்பது என்பது இதைவிட முக்கியம். ஒப்பந்தத்தில் அதற்கு ஃபுல்லி டைல்யூட்டட் பங்கு எண்ணிக்கை, அதாவது ஒதுக்கி வைத்ததையும் சேர்த்த மொத்தம், என்று ஒரு விளக்கப் பத்தி இருக்கும். அடுத்த ரவுண்டில் ஃபண்ட் வரும்போது ஊழியர் ஒதுக்கீட்டைப் பெரிதாக்கச் சொல்வது வழக்கம். 50,000 பங்கு கூட்டச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 50,000-ஐ வகுக்கும் எண்ணில் சேர்த்தால் 6 கோடியை 10,50,000-ஆல் வகுக்கவேண்டும். உங்கள் விலை 57 ரூபாய் 14 பைசா, பங்கு 58,800. சேர்க்காவிட்டால் 56,000-தான். 2,800 பங்கு ஒரு வரியில் வருகிறது, போகிறது. நான் அனுப்பிய வரைவில் இப்போதுள்ள 1,00,000 மட்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது. புதிய ஒதுக்கீட்டையும் சேர்க்கச் சொல்லி உங்கள் ஆடிட்டர் கேட்பார், கேட்பது நியாயம்தான். நான் கொஞ்சம் பேரம் பேசுவேன், தவறாக நினைக்காதீர்கள்.

அடுத்தது, உங்களுக்குப் பின்னால் வரும் நோட்டுகள். 6 கோடி கேப்பில் உங்களைப் போலவே இன்னும் இரண்டு பேர் 30 லட்சம் போடுகிறார்கள் என்று வையுங்கள். நம் ஒப்பந்தத்தில் கேப் விலைக்கு வகுக்கும் எண்ணில் மற்ற நோட்டுகள் சேராது, அதனால் உங்கள் பங்கு 56,000-தான். ஆனால் ஃபண்ட் வருவதற்கு முந்தைய மொத்தம் 10,56,000 ஆக இருந்தது 11,68,000 ஆகிவிடும். உங்கள் சதவீதம் 5.3-இலிருந்து 4.8-க்கு வந்துவிடும். நோட்டுகள் ஒன்றை ஒன்று கரைக்கும் இந்தச் சிக்கலால்தான் அமெரிக்காவில் ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்யும் ஒய் காம்பினேட்டர், நோட்டைப் போலவே பின்னால் பங்காக மாறும் தன் சேஃப் ஒப்பந்தத்தை 2018-இல் மாற்றி எழுதியது. அங்கே இப்போது கேப் என்பது அந்த மாதிரி எல்லாப் பத்திரங்களையும் சேர்த்த பிறகான மதிப்பு, அதனால் போட்ட தொகையைக் கேப்பால் வகுத்தாலே அடுத்த ரவுண்டுக்கு முந்தைய சதவீதம் தெரிந்துவிடும். நம் நோட் பழைய முறை. ஆகவே இரண்டு பாதுகாப்பு கேளுங்கள். இந்தச் சுற்றில் மொத்த நோட் 90 லட்சத்தைத் தாண்டக்கூடாது என்று ஒன்று. பின்னால் வரும் யாருக்காவது குறைந்த கேப் கொடுத்தால் அதே கேப் உங்களுக்கும் என்று இன்னொன்று. இரண்டையும் வரைவில் போட்டுவிட்டேன்.

ரவுண்டே வராவிட்டால்? எல்லாரும் பேசத் தயங்கும் இடம் இது. நோட்டுக்கு 36 மாதம் தவணை வைத்திருக்கிறோம். சட்டம் முன்பு 5 வருஷம் வரை அனுமதித்தது, 2020 செப்டம்பரில் 10 வருஷமாக்கினார்கள், ஆனால் அவ்வளவு நீட்டுவதை நீங்கள் ஏற்க வேண்டாம். 36 மாத முடிவில் அசலும் வட்டியும் 37.2 லட்சம். சட்டப்படி திருப்பிக் கேட்கும் உரிமை நோட் வைத்திருப்பவருக்கு இருக்கிறது. ஆனால் மூன்று வருஷமாக அடுத்த முதலீடு கிடைக்காத கம்பெனியின் வங்கிக் கணக்கில் 37 லட்சம் இருக்காது. பணத்தைக் கேட்டால் கம்பெனியை மூடத்தான் வேண்டியிருக்கும், அப்போது மேஜை நாற்காலி விற்ற காசில் உங்கள் பங்கு. அதனால் தவணை முடிவில் நீங்கள் விரும்பினால் பங்காக மாற்றிக்கொள்ள ஒரு தனி விலை இப்போதே எழுதவேண்டும். கேப் விலையான 60-க்கு என்றால் 62,000 பங்கு. ரவுண்டு கிடைக்காத கம்பெனிக்கு 6 கோடி மதிப்பு எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்கலாம், அதுவும் சரிதான். அதனால் தவணை முடிவுக்கு மட்டும் 4 கோடி என்று எழுதியிருக்கிறேன். பங்கு விலை 40, உங்களுக்கு 93,000 பங்கு. ரவுண்டு வராதபோது எங்கள் கை குறையவேண்டும், உங்கள் கை கூடவேண்டும்.

ரவுண்டு நடந்தாலும் அது சின்னதாக இருந்தால் தானாக மாறாது. குறைந்தது 1 கோடி புதுப் பணம் வந்தால்தான் தானியங்கி மாற்றம், அதற்குக் கீழே என்றால் மாற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். யாரோ ஒரு நண்பரிடம் 5 லட்சத்தை ஊதிப் பெரிதாக்கிய விலைக்கு வாங்கி, அந்தப் பங்கு விலையைக் காட்டி உங்களை மாற்றிவிடாமல் இருக்க இந்த வரம்பு.

மாறுவதற்கு முன்னாலேயே கம்பெனியை யாராவது வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பல நோட்டுகள் எழுதாமல் விட்டுவிடுகின்றன. ஒரு வருஷத்தில் 10 கோடிக்கு விற்கிறோம் என்றால், அதை எழுதாத நோட்டில் உங்களுக்குக் கிடைப்பது அசலும் வட்டியும், அதாவது 32.4 லட்சம். மீதியெல்லாம் எங்களுக்கு. கேப் விலையில் மாற்றியிருந்தால் 54,000 பங்கு, மொத்தத்தில் 5.12 சதவீதம், ஏறக்குறைய 51 லட்சம். எனவே விற்பனை நடந்தால் இரண்டில் எது அதிகமோ அது உங்களுக்கு என்று சேர்த்திருக்கிறேன். உங்கள் வக்கீல் அசலுக்கு இரண்டு மடங்கு என்று கேட்கச் சொன்னால், அதையும் பேசலாம்.

இரண்டு சின்ன விஷயங்கள், பின்னால் கோபம் வராமல் இருக்க. வட்டி உங்கள் கைக்கு வராது, கடனோடு சேரும். ஆனாலும் கம்பெனி புத்தகத்தில் அது ஏறும்போதே 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டவேண்டும், உங்கள் கணக்கிலும் வருமானமாகத் தெரியும். வருஷத்துக்கு 2.4 லட்சம் வட்டி, 24,000 டிடிஎஸ். மேலே எளிமைக்காக முழு வட்டியையும் மாற்றிக் காட்டினேன். டிடிஎஸ் போக ஒன்றரை வருஷத்தில் 33.24 லட்சம்தான் மாறும், பங்கு 55,400 ஆகும். மற்றது, விதியில் கன்வெர்ட்டிபிள் நோட் ஈக்விட்டி பங்காக மாறுவதாகத்தான் இருக்கிறது. புதிய ஃபண்ட் பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு வாங்கும். கம்பெனி அடிமாட்டு விலைக்குப் போனால் அவர்களின் 3 கோடி முதலில் போகும், பிறகுதான் நீங்களும் நாங்களும் ஒரே வரிசையில்.

எக்செல் ஷீட்டையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் கட்டத்தில் ரவுண்டு மதிப்பை மாற்றினால் உங்கள் பங்கும் சதவீதமும் மாறும். 4, 7.5, 12, 20 கோடி நான்கையும் போட்டுப் பாருங்கள். ஆடிட்டரிடம் காட்டும்போது பங்கு எண்ணிக்கை விளக்கம், தவணை முடிவு விலை, கம்பெனியை விற்றால் என்ன என்பது, இந்த மூன்று பத்திகளையும் அவரே வாசித்துத் தனியாகக் கணக்குப் போடட்டும். என் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துவராத இடத்தைச் சொல்லி அனுப்புங்கள், வரைவைத் திருத்துகிறேன். அதுவரை பணம் அனுப்ப வேண்டாம்.